காபித்தூள் அலமாரிக் கதவு

அடி அண்ணாமலையில் புது வீடு கட்டியிருந்த தசரதன், எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத ஆள். "நீ போட்ட கிச்சன் ஒண்ண காட்டு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். அருள்ராஜுக்கு உடனே நினைவுக்கு வந்தது செங்கம் ரோட்டுச் சந்தில் இருந்த சிந்துஜா டீச்சர் வீடுதான். அவன் மாடுலர் கிச்சன் வேலைக்கு வந்து முதன்முதலில் முழுசாக முடித்துக் கொடுத்த சமையலறை அது. சந்தன நிறத்தில் பதினான்கு கதவுகள். திருவண்ணாமலையில் அதற்கு முன் சாஃப்ட் க்ளோஸ் கீல் வைத்த வீடு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அருள்ராஜைக் கேட்டால் இதுதான் முதல் வீடு என்று அடித்துச் சொல்வான். பேச்சில் அவன் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

சனிக்கிழமை காலை, தசரதன் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. எதற்கும் இருக்கட்டும், ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அருள்ராஜ் ஒன்பதரைக்கே போய்விட்டான். போட்டுக் கொடுத்து ஒன்பது மாதமாகிறது. தை மாதத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

டீச்சர் கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றாள். முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன் செழியன் கிளம்பிப் போயிருந்தான். அவளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை.

அருள்ராஜ் சமையலறைக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து விட்டான். பாதி வரைக்கும் வேகமாக வந்து, கடைசி நாலு விரல் தூரத்தில் யாரோ உள்ளேயிருந்து கையால் தாங்கிக்கொண்ட மாதிரி நிதானமாகி, சத்தமே இல்லாமல் அலமாரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது ஒவ்வொன்றும். அவனுக்கே பெருமையாக இருந்தது. கீழே எட்டு, மேலே ஐந்து. அடுப்புக்கு வலது பக்கம், காபித்தூளும் சர்க்கரையும் இருக்கும் மேல் அலமாரி கடைசி. அதையும் திறந்து விட்டான்.

படார் என்றது.

உள்ளே டப்பாக்கள் குலுங்கின. கூடத்திலிருந்து சிந்துஜா ஓடி வந்தாள். வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையைப் பார்த்தாள். அந்த அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை. அது தெரிந்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

"அம்மா எங்க டீச்சர், ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டான் அருள்ராஜ். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

"கீழ்பென்னாத்தூர்ல எங்க நாத்தனார் வீட்ல இருக்காங்க. ஆவணியிலயே போயிட்டாங்க." அவள் காபித்தூள் அலமாரியைக் காட்டினாள். "இந்தக் கதவாலதான்."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

மாமியார் ஜோதியம்மாளுக்கும் அவளுக்கும் அதற்கு முன் பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். குழந்தை இல்லாத குறை இருந்தது, ஆனால் ஜோதியம்மாள் அதை வாய் விட்டுச் சொன்னதில்லை. புது சமையலறை வந்த பிறகுதான் ஆரம்பித்தது. காலையில் ஐந்து மணிக்கு சிந்துஜா எழுந்து காபி போடுவாள். காபித்தூளை எடுத்துவிட்டுக் கதவைத் தள்ளுவாள். மற்ற கதவுகளைத் தள்ளுகிற மாதிரிதான். அது படார் என்று சாத்திக்கொள்ளும். பக்கத்து அறையில் ஜோதியம்மாள் தூக்கிவாரிப் போட்டு எழுவாள். விடியற்காலையிலேயே காபி போட வைக்கிறாள் கிழவி என்று மருமகள் கோபத்தைக் கதவில் காட்டுகிறாள் என்பது அவள் கணக்கு.

நம் வீடுகளில் இது புதுசும் இல்லை. வாயால் சொல்ல முடியாததைப் பாத்திரத்திலும் கதவிலும் சொல்வதுதானே வழக்கம். கேட்பவர்களுக்கும் அது நன்றாகவே புரியும்.

"நான் வேணும்னு பண்ணல அத்தைன்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேண்ணா. கையால புடிச்சு புடிச்சு சாத்தினேன். ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல மறந்துடும். அப்புறம் சாத்தவே வேணாம்னு தொறந்து போட்டேன். மூஞ்சிக்கு நேரா தொறந்து போட்டுட்டுப் போறாளேன்னாங்க." அவள் குரல் தணிந்தது. "நீங்க சொன்னதத்தான் அவங்க புடிச்சிட்டாங்க."

"நான் இன்னா சொன்னேன்?"

"பால் காய்ச்சின அன்னிக்கு அவங்கள கூப்பிட்டுக் கதவ எல்லாம் தள்ளிக் காட்டினீங்க இல்ல? 'இது சாஃப்ட் க்ளோஸும்மா, எவ்ளோ வேகமா தள்ளினாலும் சத்தம் வராது. வேணும்னே அடிச்சு சாத்தினாதான் வரும்'னு சொன்னீங்க. 'கிச்சன் போட்டவனே சொல்லிட்டான், வேணும்னே அடிச்சாதான் சத்தம் வரும்னு'. இதையேதான் சொல்வாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அருள்ராஜுக்கு அப்படிச் சொன்னது நினைவிருந்தது. எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அந்த வீட்டில் சொல்லும்போது அவன் பொய் சொன்னான் என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. அதுதான் அவனைக் குத்தியது.

அன்றைக்கு ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். ஒன்பது மணிக்கே பதின்மூன்று கதவு முடிந்துவிட்டது, இது ஒன்று மட்டும் அடம் பிடித்தது. கதவின் வேகத்தைத் தடுக்கும் டேம்பரைப் போட்டதும் மெதுவாக வந்தது, ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டது. கையால் அழுத்தினால் மூடியது, விட்டால் மறுபடி ஒரு விரல் திறந்தது. புது அடுப்புக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற அலமாரியை வைத்துக்கொண்டு எப்படிப் பால் காய்ச்சுவது? சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். காரணத்தைத் தேட நேரமில்லை. இரண்டு கீல்களின் கைமேலும் மாட்டியிருந்த சின்ன டேம்பர்களைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். தடுக்க ஆளில்லாததால் கீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கதவை ஒரே இழுப்பாக இழுத்துச் சாத்திவிட்டது. சத்தம் வந்தது, ஆனால் மூடிக்கொண்டது. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வாசலில் நின்ற ஜோதியம்மாளைக் கூப்பிட்டு மற்ற கதவுகளைத் தள்ளிக் காட்டிப் பெருமையடித்தான். அந்தக் கதவை மட்டும் தொடவில்லை.

அந்த இரண்டு டேம்பரும் அடுத்த வாரமே ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் போய்ச் சேர்ந்தன.

"ரெண்டு தடவ போன் பண்ணேண்ணா" என்றாள் சிந்துஜா.

பண்ணியிருந்தாள். முதல் தடவை பௌர்ணமி, ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், வண்டி விட மாட்டார்கள் என்றான். இரண்டாவது தடவை 'இதோ வந்துட்டேன் டீச்சர்' என்றான். ஒரு கதவு கொஞ்சம் சத்தம் போடுகிறது, அதற்கு என்ன அவசரம் என்று நினைத்திருந்தான். பாவி, அவசரம் இருந்திருக்கிறது.

"ஆடி கடைசில ஒரு நாள்…" என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். "அன்னைக்கும் கதவு அடிச்சுது. 'இப்படி அடிச்சு சாத்துற கையில சாமி எப்படிடி புள்ளயக் குடுக்கும்'னு கேட்டுட்டாங்க. நான் ஒண்ணுமே பேசல. ரெண்டு நாள் அவங்ககிட்ட பேசல. மூணாவது நாள் சத்தம் தாங்கலன்னு மகன்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க. அவரும் எங்கிட்ட சரியா பேசறதில்ல. எங்க அம்மா உன்ன என்ன பண்ணாங்கன்னு கேக்கறாரு."

அருள்ராஜ் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். வெட்கத்தில் முகத்தைக் காட்டாமல் இருக்க அது ஒரு வசதியாகவும் இருந்தது.

டீச்சரிடம் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று வாங்கி, மூடிய கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே கீல் பக்கமாகச் செருகிப் பார்த்தான். கீழே வழுக்கிக்கொண்டு போனது, மேல் கீலுக்குப் பக்கத்தில் வந்ததும் சிக்கி நின்றது. கதவைத் திறந்து மேல் கீலைப் பார்த்தான். பெட்டிச் சுவரில் கீலைத் தாங்கும் தகட்டின் இரண்டு திருகுகளில் ஒன்று ஓட்டைக்குள் சும்மா சுற்றியது. தகடு நேராகவே இல்லை, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, கதவை உள்ளே வெளியே நகர்த்தும் பின் திருகை அவன் அன்றைக்கு அவசரத்தில் அளவுக்கு மீறி உள்ளே இழுத்து வைத்திருந்தான். அதனால் கதவு மூடுவதற்கு முன்பே அதன் கீல் பக்க விளிம்பு பெட்டியில் முட்டியது. டேம்பர் மெதுவாக்கிய கதவுக்கு அந்த முட்டலைத் தாண்டத் தெம்பில்லை, அழுத்தி மூடினாலும் டேம்பர் திருப்பித் தள்ள, ஒரு விரலில் நின்றது. டேம்பரைப் பிடுங்கிய பிறகு வேகத்திலேயே தாண்டிப் போய் அடித்துக்கொண்டது. டேம்பர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பத்து நிமிஷ வேலை இது.

தகட்டைக் கழற்றி, பழுதான ஓட்டையில் பசை தொட்ட தீக்குச்சிகளைச் செருகி, மேலோடு வெட்டிவிட்டு, பசை பிடிக்கும் வரைக்கும் காத்திருந்தான். பிறகு தகட்டைக் கீழ்த் தகட்டின் நேருக்குப் பார்த்து வைத்து இரண்டு திருகையும் கையாலேயே முடுக்கினான். கதவை மாட்டி, பின் திருகைத் தளர்த்திக் கதவை ஒரு நூல் வெளியே தள்ளி இறுக்கினான். பத்திரிகை மேலிருந்து கீழ் வரைக்கும் தடையில்லாமல் போனது. முன் திருகைக் கால் சுற்று திருப்பிப் பக்கத்துக் கதவோடு இடைவெளியைச் சமமாக்கினான். கடைசியாக, பையிலிருந்து புது டேம்பர் இரண்டை எடுத்து இரண்டு கீலிலும் கிளிக்கென்று மாட்டினான்.

"தள்ளுங்க டீச்சர்."

அவள் தள்ளவில்லை. பழக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லக் கொண்டுபோனாள். "விடுங்க" என்றான். விட்டாள். கதவு பாதி தூரம் வந்து, நிதானித்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவள் மறுபடி திறந்து வேகமாகத் தள்ளினாள். சத்தமில்லை. இன்னும் வேகமாகத் தள்ளினாள். ஏழெட்டுத் தடவை அப்படியே செய்துகொண்டிருந்தவள் மேடையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அருள்ராஜ் எல்லாவற்றையும் சொன்னான். நல்ல நேரம், ஒரு விரல் இடைவெளி, பிடுங்கிய டேம்பர், தொடாமல் விட்ட கதவு. ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தான்.

"இத அத்தைகிட்ட போய் சொல்வீங்களாண்ணா?" என்று மட்டும் அவள் கேட்டாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அன்னிக்கு நீங்க சொன்னத நம்பினாங்க இல்ல, இதையும் நம்புவாங்க. வந்துடச் சொல்லுங்க. அவங்க சொன்னத நான் மனசுல வச்சிக்கலன்னு சொல்லுங்க."

தசரதனுக்குப் போன் போட்டு இன்னொரு நாள் வரச் சொன்னான். அவர் கோபத்தில் வைத்துவிட்டார். போகட்டும் என்று பஸ் ஏறினான். இனிமேல் எப்படியாவது அந்த அம்மாளைக் கையோடு கூட்டி வந்து அந்த வீட்டில் விட்டால்தான் தூக்கம் வரும் என்றிருந்தது.

கீழ்பென்னாத்தூரில் நாத்தனார் வீட்டு வாசலில் சாக்கு விரித்து ஜோதியம்மாள் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகளும் மருமகனும் நிலத்துக்குப் போயிருந்தார்கள். அவளுக்கு அவனை உடனே அடையாளம் தெரிந்தது.

"கிச்சன் போட்ட ஆளுதானே நீ? வா. இன்னாப்பா இவ்ளோ தூரம்?"

அவன் எதிரில் குந்தினான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினான். தப்பு என்னுடையது, டீச்சர்மேல் எள்ளளவும் தப்பு கிடையாது, கதவு தானாக அடித்துக்கொண்டது என்றான். பைக்குள்ளிருந்து ஒரு கீலும் டேம்பரும் எடுத்து, "பாருங்கம்மா, இது இல்லாட்டி ஸ்பிரிங் இழுத்துக்கும்" என்று காட்டப் போனான்.

"அத உள்ள வை" என்றாள் ஜோதியம்மாள். கை உரித்துக்கொண்டே இருந்தது. "எனக்குத் தெரியும்."

அவனுக்குப் புரியவில்லை.

"அவள அப்படிக் கேட்டேன் பாரு, அதுக்கு ரெண்டாம் நாளு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க. காபி குடிக்கலாம்னு நானே போய் தூளை எடுத்தேன். ஒத்த வெரலால தள்ளினேன்பா, ஒத்த வெரலால. படார்னுது. திரும்பத் தள்ளினேன். நாலு வாட்டி தள்ளினேன். நாலு வாட்டியும் அடிச்சுது." அவள் உரிப்பதை நிறுத்தினாள். "அவ சொன்னது நெசம். வாயே தொறக்காத பொண்ண, கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு சாயங்காலம் வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு பாக்கறது? மறுநாளே கெளம்பிட்டேன்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அதைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"வரலப்பா வாயில. அவள அப்படிக் கேக்கறதுக்கு வந்துது, மன்னிப்புக்கு வரல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சத்தம் தாங்கலன்னு ஒரு சாக்காவது இருந்துது எனக்கு. அத ஏன்பா சரி பண்ண?"

இத்தனை வருஷத்தில் வேலையைச் சரியாகச் செய்ததற்காக யாரும் அருள்ராஜை இப்படிக் கேட்டதில்லை.

"அவங்க மனசுல எதுவும் வச்சிக்கலம்மா. உங்கள வரச் சொன்னாங்க. கையோட கூட்டிட்டு வான்னாங்க. அழுதாங்கம்மா."

ஜோதியம்மாளின் கண் கலங்கிவிட்டது. எழுந்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் எழவில்லை.

"வந்தா அவ கேப்பா இல்ல, எப்போ தெரிஞ்சுதுன்னு? ரெண்டு மாசமா தெரிஞ்சேதான் அவமேல பழியப் போட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா? எம்புள்ள என்னை மதிப்பானா? வேணாம்பா. நீ சொன்னே, நான் நம்பலன்னு சொல்லிடு. கெழவி பிடிவாதக்காரின்னு நெனச்சிக்கட்டும். தெரிஞ்சே சும்மா இருந்தாளேன்னு நெனக்க வேணாம். பெத்தவ மாதிரி கேக்கறேன், எனக்காக இத மட்டும் செய்."

அவன் மாட்டேன் என்றான். முடியாதும்மா, பாவம் அந்தப் பொண்ணு என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிலாத் தோல் ஒட்டிய கை. எப்படி உதறுவது என்று தெரியாமல் அவன் தலையை ஆட்டிவிட்டான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள்ளேயே டீச்சரிடமிருந்து போன் வந்தது. எடுப்பதற்கு முன் அவன் எவ்வளவோ யோசித்தான். உண்மையைச் சொன்னால் கிழவி செத்த மாதிரி. சொல்லாவிட்டால் இவள். ஒருவேளை இரண்டும் இல்லாமல் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எதைப் பேசியும் சமாளிக்கிற அந்த வாய்க்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றுமே அகப்படவில்லை.

"என்ன சொன்னாங்கண்ணா? நம்பினாங்களா?" சிந்துஜாவின் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. இப்போதும் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான், சத்தம்தான் கேட்காதே.

"இல்ல டீச்சர்" என்றான். "நம்பல."

"அப்ப நான் அடிச்சதாவே இருக்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

திருவண்ணாமலை பஸ் வந்தது, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அருள்ராஜ் ஏறவில்லை. அந்தப் பெண்ணின்மேல் இரண்டாவது தடவையாகப் பழி விழுந்திருந்தது. இரண்டு தடவையும் அதைப் போட்டது அவன் வாய்தான்.